பல ஆண்டுகளுக்குப் பிறகு விலகும் மேலாளர் குழுவுக்கு எழுதும் நன்றிப் பதிவு: மேடைப்பேச்சாகாமல் எழுதும் முறை

ஒரே குழுவை நீண்ட காலம் நடத்திவிட்டு விலகும் மேலாளருக்கான வழிகாட்டி இது. இத்தகைய பதிவுகள் வெளியாகும் முன் திருத்தத்துக்காக என் மேசைக்கு வருவது வழக்கம். எழுத வராததால் கெட்டுப்போனவற்றை நான் அதிகம் பார்த்ததில்லை. எதையும் சேகரிக்காமல், கடைசி நாள் மாலையில் உட்கார்ந்து, ‘அன்பு நண்பர்களே’ என்று தொடங்கியவையே பெரும்பாலும் மேடைப்பேச்சாக மாறின. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். எழுதும் வேலை நான்காவது படியில்தான் தொடங்குகிறது.

வழிநெடுக ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஊதியப் பிரிவின் மேலாளர் ஒருவர் 16 ஆண்டுகளுக்குப் பிறகு விலகுகிறார். அவர் குழுவில் 9 பேர். உதாரணத்தில் பெயருக்குப் பதிலாகப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறேன். நீங்கள் எழுதும்போது அந்த இடத்தில் பெயரையே எழுதுங்கள்.

1. யாருக்கு எது முன்பே தெரியவேண்டும்?

பதிவைப் படித்துத்தான் நீங்கள் விலகுவதே ஒருவருக்குத் தெரியவருகிறது என்றால், அதற்குப் பிறகு வரும் நன்றி அவர் மனதில் ஏறாது. ‘என்னிடம் ஏன் சொல்லவில்லை’ என்ற எண்ணத்தோடுதான் மீதியைப் படிப்பார். எனவே முதலில் உங்களிடம் நேரடியாக வேலை செய்பவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். அடுத்து குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். எழுத்து அதற்குப் பிறகு வரட்டும்.

மனிதவளப் பிரிவிடம் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்: கடைசி நாள் எது, உங்கள் இடத்துக்கு வருபவரின் பெயரை வெளியில் சொல்லலாமா, அலுவலக மின்னஞ்சல் எந்த நாளில் முடக்கப்படும். மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. பதிவைக் கடைசி நாள் மாலையில் அனுப்பிவிட்டு, வந்த பதில்களைப் பார்க்கவே முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

2. நினைவுத்தாள் தயாரியுங்கள்

விடைபெறும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பெயர். இரண்டாவதில் அவர் செய்த, நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு செயல். மூன்றாவதில் அந்தச் செயலால் பிறகு என்ன மாறியது என்பது.

இரண்டாவது பத்தியில் ‘கடின உழைப்பாளி’, ‘பொறுமைசாலி’ என்று எழுதக் கை போகும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அவை உங்கள் தீர்ப்பு. உங்களுக்குத் தேவை, அந்தத் தீர்ப்புக்கு உங்களைக் கொண்டுவந்த நிகழ்ச்சி. ஒருவரைப் பற்றி நிகழ்ச்சி எதுவும் நினைவுக்கு வராதபோதுதான் அடைமொழிகள் வந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. படிப்பவருக்கும் அது உடனே புரிந்துவிடுகிறது.

நினைவு வரவில்லை என்றால் பழைய நாட்காட்டிக் குறிப்புகளையும் மின்னஞ்சல்களையும் புரட்டுங்கள். நெருக்கடி நடந்த வாரங்களைத் தேடுங்கள்: மென்பொருள் மாறிய காலம், தணிக்கை நடந்த மாதம், ஆள் குறைவாக இருந்த காலாண்டு. அந்த மின்னஞ்சல்களில் யார் எந்த நேரத்தில் என்ன எழுதினார்கள் என்பது அப்படியே இருக்கும்.

நம் ஊதியப் பிரிவு மேலாளரின் தாளில் விழுந்த ஒரு வரி இது. சம்பள உயர்வு அமலுக்கு வந்த மாதம். சம்பளக் கோப்பு வங்கிக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கிறது. குழுவில் கடைசியாகச் சேர்ந்த உதவியாளர், ஒரு கிளையில் எல்லாருடைய தொகையும் முந்தைய மாதத்துத் தொகையாகவே இருப்பதைக் கவனித்து, அனுப்பக் கூடாது என்கிறார். மேலாளர் அனுப்பச் சொல்கிறார். அவர் மறுக்கிறார். திறந்து பார்த்தால், அந்தக் கிளையின் உயர்வுப் பட்டியல் கணினியில் ஏறவே இல்லை. மூன்றாவது பத்தியில் மேலாளர் எழுதியது: ‘அன்றிலிருந்து கோப்பு போகும் முன் எல்லாரிடமும் ஒருமுறை கேட்கிறோம்.’

இப்படி ஒருவருக்கு ஒரு வரி இருந்தால் பதிவின் பெரும்பகுதி கையில் இருக்கிறது என்று பொருள்.

3. பொதுவில் சொல்வது எது, தனியாக எழுதுவது எது?

தாள் நிரம்பிய பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டில் ஒரு பக்கம் சேருங்கள்: எல்லார் முன்னாலும் சொல்லக்கூடியது, அவருக்கு மட்டும் எழுதவேண்டியது.

உடல்நலம், குடும்பச் சிக்கல், பணக் கஷ்டம், பதவி உயர்வு கிடைக்காமல் போனது ஆகிய எதையும் பொதுப் பதிவில் தொடாதீர்கள். ‘வீட்டில் அவ்வளவு துயரம் நடந்தபோதும் மறுநாளே வேலைக்கு வந்தவர்’ என்ற வரியை நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் அவர் மறைத்துவைத்திருந்த துயரம் அதில் ஊரறிய வெளியாகிறது. துயரம் நேர்ந்தாலும் வேலைக்கு வந்தால்தான் மதிப்பு என்று மற்றவர்களுக்கும் அது சொல்லிவிடுகிறது. இத்தகைய நன்றிக்கு உரிய இடம் தனிக் கடிதம். அதைப் பொதுவில் சொன்னால்தான் நிறைவு என்று தோன்றினால், அந்த வரியை அவரிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள்.

அடுத்து, பெயர் விடுபடும் சிக்கல். இதில் நான் பின்பற்றும் விதி எளிது. குழுவில் ஏறக்குறைய பத்துப் பேர் வரை இருந்தால் எல்லாரையும் பெயரோடு குறிப்பிடுங்கள். அதற்கு மேல் போனால் பொதுப் பதிவில் யார் பெயரும் வேண்டாம். நிகழ்ச்சிகளையும் பணிகளையும் மட்டும் சொல்லிவிட்டு, பெயர்களைத் தனிக் கடிதங்களில் எழுதுங்கள். இருபது பேரில் ஏழு பேரை மட்டும் குறிப்பிட்டால் மீதிப் பதின்மூன்று பேருக்கும் அது ஒரு பட்டியலாகிவிடும். ‘பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்கவும்’ என்று கடைசியில் சேர்ப்பது அந்தக் குறையை இன்னும் உரக்கச் சொல்கிறது.

முன்பே விலகிப் போனவர்களையும் இங்கே நினைத்துப் பாருங்கள். 16 ஆண்டுக் குழு இன்றைய 9 பேர் மட்டும் இல்லை. அவர்களுக்குப் பொதுப் பதிவில் ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவர்களில் இருவருக்கோ மூவருக்கோ தனியாக எழுதினால், எதிர்பாராத இடத்திலிருந்து வந்த கடிதமாக அது அவர்களிடம் தங்கும்.

தனிக் கடிதங்கள் பொதுப் பதிவுக்கு முதல் நாளே போய்ச்சேரட்டும். அப்போதுதான் பொதுப் பதிவில் தனக்குக் கிடைத்த இரண்டு வரிகளை யாரும் அளந்து பார்க்கமாட்டார்கள்.

4. முதல் பத்தியில் செய்தி மட்டும்

மேலாளர் விலகுகிறார் என்றதும் குழுவில் இருப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி ‘இனி எனக்கு யார்?’ என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கும் வரை உங்கள் நினைவுகளில் அவர் மனம் நிற்காது. எனவே கடைசி நாள், அடுத்துப் பொறுப்பேற்பவர், கையில் இருக்கும் வேலை எப்படிப் போகும் என்பவை மூன்றையும் முதல் பத்தியிலேயே முடித்துவிடுங்கள்.

‘காலம் எவ்வளவு வேகமாக ஓடிவிட்டது’ என்று தொடங்குபவர்கள் மனதாரத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரியை யாரும் யாருக்கும் எழுதலாம் என்பதால், படிப்பவர் அடுத்த இரண்டு வரிகளையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறார்.

அடுத்து வருபவரைப் பற்றி ஒரு வாக்கியம், அதுவும் வேலையைப் பற்றியதாக, இருந்தால் போதும். அவரை வானளாவப் புகழ்ந்தால் அவர் தலையில் சுமை ஏறுகிறது. ‘என்னைவிடச் சிறப்பாகச் செய்வார்’ என்பதும் ஒப்பீடுதான். அந்த ஒப்பீட்டைத் தொடங்கிவைப்பவர் நீங்களாக இருக்கவேண்டாம்.

5. நன்றி வாக்கியத்தைக் கட்டும் முறை

பதிவு கடிதமாக இருக்குமா பேச்சாக மாறுமா என்பது இந்த இடத்தில் முடிவாகிவிடும். அதனால் மெதுவாகப் போவோம். நம் மேலாளர் முதலில் எழுதிக்கொண்டுவந்த பத்தி இப்படி இருந்தது:

> என் இனிய சக பயணிகளே! பதினாறு ஆண்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டன. இத்தருணத்தில், இரவு பகல் பாராது உழைத்த உங்கள் அர்ப்பணிப்புக்கும் ஒத்துழைப்புக்கும் விடாமுயற்சிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். நீங்கள் இல்லையேல் நான் இல்லை.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் குழுவில் இருக்கும் ஒன்பது பேரில் ஒருவர்கூட ‘இது நான்’ என்று விரல் வைக்க இதில் இடம் இல்லை. ஒரு விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டு விழாவிலும் இதை அப்படியே வாசிக்கலாம்.

நினைவுத்தாளின் மூன்று பத்திகளையும் அதே வரிசையில் வாக்கியமாக்குங்கள்: யார், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. அதன் பிறகே நன்றி. நன்றி என்ற சொல் முதலில் வந்தால் பின்னால் வரும் செயல் அதற்குக் காரணம் காட்டுவதுபோல் ஆகிவிடும். செயல் முதலில் வந்தால் படிப்பவர் தாமே நன்றிக்கு வந்து சேர்ந்திருப்பார். நீங்கள் ஒரு சொல்லில் முடித்தால் போதும்.

உதவியாளரைப் பற்றிய வரி இப்படி மாறியது:

> சம்பள உயர்வு வந்த மாதம், கோப்பு வங்கிக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தபோது, ‘இதை அனுப்பக் கூடாது’ என்று சொன்னவர் நம் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர். நான் அனுப்பச் சொன்னேன், அவர் மறுத்தார். அவர் சொன்னது சரி. அன்று அந்தக் கிளையில் எல்லாருக்கும் உயர்வோடு சம்பளம் போனது. கோப்பு போகும் முன் ‘அனுப்பலாமா?’ என்று நாம் எல்லாரையும் கேட்பது அன்று தொடங்கியது. நன்றி.

இதில் ‘துணிச்சல்’ என்றோ ‘கூர்மையான பார்வை’ என்றோ ஒரு சொல்கூட இல்லை. படித்தவர்கள் எல்லாரும் அதையேதான் நினைப்பார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மேலாளரை எதிர்த்துச் சொன்னதற்குத்தான் மேலாளர் நன்றி சொல்கிறார். இத்தகைய நிகழ்ச்சி உங்கள் தாளில் ஒன்றாவது இருந்தால் அதற்குப் பதிவில் இடம் கொடுங்கள். உங்களுக்கு உதவியதற்குச் சொல்லும் நன்றியைவிட, உங்களைத் தடுத்ததற்குச் சொல்லும் நன்றியைக் குழு அதிகம் நம்புகிறது. அடுத்த மேலாளரிடமும் மறுத்துப் பேசலாம் என்ற தைரியத்தையும் அது விட்டுவிட்டுப் போகிறது.

எல்லாரிடமும் இத்தனை பெரிய நிகழ்ச்சி இருக்காது. இருக்கவும் தேவையில்லை. வரிப் பிடித்தம் ஏன் கூடியது என்று குழம்பி அழைத்தவர்களுக்கு, அவரவர் சம்பளச் சீட்டை எடுத்துவைத்து வரிவரியாக விளக்கியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். சிறிய செயலைச் சிறியதாகவே சொல்லுங்கள். அதைப் பெரிதாக்கினால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

குழுவில் ஒருவரோடு உங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்றாலும் அவருக்கும் ஒரு வரி வேண்டும். அவருடைய வேலையில் நீங்கள் சந்தேகமின்றி மதித்த ஒரு பகுதியைத் தேடி எடுத்து அதை மட்டும் சொல்லுங்கள். இல்லாத நெருக்கத்தை எழுதினால் அவரும் நம்பமாட்டார், மற்றவர்களும் நம்பமாட்டார்கள்.

6. மேடை வாடையைக் களையுங்கள்

வரைவை எழுதிய அன்றே திருத்தாதீர்கள். ஓர் இரவு கழியட்டும். மறுநாள் காலையில் வாய்விட்டுப் படியுங்கள். குரல் தானாக உயரும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். அவைதான் பேச்சாகிவிட்ட இடங்கள். தேநீர் இடைவேளையில் அதே ஆளிடம் நேரில் சொல்வதாக இருந்தால் இந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வீர்கள் என்று பார்த்து மாற்றி எழுதுங்கள்.

பெரும்பாலும் சிக்குபவை இவை. ‘இத்தருணத்தில்’ என்பதை வெட்டினால் எதுவும் குறையாது. ‘நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்பது ‘நன்றி’ ஆகட்டும். மூன்று மூன்றாக அடுக்கும் பண்புப் பெயர்களில் எது உண்மையில் பொருந்துகிறதோ அதற்குரிய நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். எல்லாரையும் ஒன்றாக விளிக்கும் ‘தோழர்களே’, ‘சொந்தங்களே’ போன்றவை எதிரில் கூட்டம் இருக்கும்போது பொருந்தும். படிப்பவரோ தனியாக, கையில் கைப்பேசியோடு இருக்கிறார். ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம்.

நேரில் ‘நீ’ என்றும் ‘வா, போ’ என்றும் பேசிப் பழகியவராக இருந்தாலும் பொதுப் பதிவில் எல்லாருக்கும் ஒரே மரியாதை வடிவத்தைக் கொடுங்கள். ஒருவருக்கு ‘அவர்’, இன்னொருவருக்கு ‘அவன்’ என்று கலந்து வந்தால், உரிமையில் எழுதியதுகூட உயர்வு தாழ்வாகத் தெரியும். தனிக் கடிதத்தில் உங்கள் வழக்கம்போல் எழுதிக்கொள்ளலாம்.

7. உங்களைப் பற்றி எவ்வளவு?

ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். எந்த ஆண்டில் என்ன பதவி, எத்தனை திட்டங்களை முடித்தீர்கள் என்ற கணக்கு இங்கே தேவையில்லை. இந்தக் குழுவிடம் நீங்கள் கற்று, எடுத்துக்கொண்டு போகும் ஒரு பழக்கத்தைச் சொல்லலாம். நம் மேலாளர் எழுதியது: ‘எந்தக் கணக்கையும் அனுப்பும் முன் இன்னொருவர் கண்ணில் காட்டுவது இனி எங்கே போனாலும் என்னோடு வரும்.’

விலகும் காரணத்தைச் சொல்வதானால் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பூடகமாக எழுதுவதுதான் ஆபத்து. ‘சில சூழ்நிலைகள்’ என்ற இரண்டு சொற்கள் போதும், ஒரு மாதத்துக்கு அலுவலகம் அதைப் பற்றியே பேசும். உங்கள் நன்றி எவருக்கும் நினைவிருக்காது.

நிர்வாகத்தின் மீது வருத்தம் இருந்தால், அதை மனிதவளப் பிரிவோடு நடக்கும் விலகல் சந்திப்பில் நேராகப் பேசுங்கள். நன்றிப் பதிவில் வைத்த முள், நீங்கள் போன பிறகு அங்கே இருக்கப்போகும் குழுவின் காலில்தான் தைக்கும்.

அறிவுரையும் வேண்டாம். ‘எப்போதும் ஒற்றுமையாக இருங்கள்’ என்று எழுதினால், இப்போது ஒற்றுமை இல்லையோ என்ற கேள்விதான் எழும்.

8. முடிக்கும் இடம்

கடைசிப் பத்தியில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்து நிறுத்துங்கள். ‘எப்போது வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் அழையுங்கள்’ என்று எழுதாதீர்கள். நம்பி அழைப்பவருக்கு உங்களால் எப்போதும் நேரம் தர முடியாது. வேலைச் சந்தேகங்களுக்கு உங்களை அழைக்கத் தொடங்கினால் புதிய மேலாளரின் இடமும் ஆட்டம் காணும். நட்புக்கு ஒரு கதவையும் வேலைக்கு வேறு கதவையும் தெளிவாகக் காட்டிவிடுங்கள்.

பழமொழி, பாடல் வரி, பொன்மொழி எதுவும் முடிவில் வேண்டாம். உங்கள் குரலில் தொடங்கியதை இன்னொருவர் குரலில் முடிப்பானேன்?

நம் மேலாளரின் பதிவு கடைசியில் இந்த வடிவத்துக்கு வந்தது. நடுவில் மற்றவர்களுக்கான வரிகளைச் சுருக்கியிருக்கிறேன்.

> வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதி, எனக்கு இங்கே கடைசி நாள். திங்கள் முதல் நம் துணை மேலாளர் பொறுப்பேற்கிறார். இந்த மாதச் சம்பளக் கணக்கை நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்துவிடுவோம். அடுத்த மாத ஒப்புதல்களுக்கு அவரிடம் செல்லுங்கள்.
>
> (இங்கே உதவியாளரைப் பற்றிய பத்தி.)
>
> புதிய மென்பொருளுக்கு மாறியபோது 3 மாதங்கள் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் அருகருகே வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தவர்கள் நம் மூத்த கணக்கர்கள் இருவர். மென்பொருள் மாறியதே பிற பிரிவுகளுக்குத் தெரியவில்லை. அது அவர்கள் வேலை. நன்றி.
>
> (மற்ற ஆறு பேருக்கும் இதேபோல் ஓரிரு வாக்கியம்.)
>
> இங்கிருந்து முன்பே போனவர்கள் எழுதிவைத்த குறிப்பேடு இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது அதைத் திறக்கிறோம். அவர்களுக்கும் நன்றி.
>
> எந்தக் கணக்கையும் அனுப்பும் முன் இன்னொருவர் கண்ணில் காட்டுவது இனி எங்கே போனாலும் என்னோடு வரும்.
>
> என் சொந்த மின்னஞ்சல் முகவரி கீழே இருக்கிறது. வேலை பற்றிய கேள்விகளுக்குத் துணை மேலாளர் இருக்கிறார்; மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு எழுதுங்கள்.

9. வெளியிடும் நாளும் அதற்குப் பிறகும்

வெளியிடும் முன், குழுவுக்குள்ளேயே ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். உங்களை மகிழ்விக்க நினைக்காத ஒருவராக இருக்கட்டும். அவரிடம் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். ‘இதில் எது தவறாக நினைவிருக்கிறது? யார் விடுபட்டிருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். நிகழ்ச்சியைச் சொல்லும் பதிவில் உண்மைப் பிழை அதிகம் உறுத்தும். ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டால் இரண்டு பேர் வருத்தப்படுவார்கள்.

கடைசி நாளுக்கு இரண்டு மூன்று வேலை நாள்களுக்கு முன், காலை நேரத்தில் வெளியிடுங்கள். அப்போது பதில் எழுதுபவர்களுக்கும் நேரில் வந்து பேச நினைப்பவர்களுக்கும் நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். மாதக் கணக்கு முடிக்கும் நாளைப் போல் குழு மூச்சுவிட நேரமில்லாத நாளைத் தவிருங்கள்.

பதில்கள் வரத் தொடங்கியதும் எல்லாருக்கும் ஒரே வரியை ஒட்டாதீர்கள். அவர் சொன்ன நினைவில் ஏதாவது ஒன்றைத் தொட்டு இரண்டு வரி எழுதுங்கள். அவர்களில் சிலர் நீங்கள் மறந்தே போன ஒன்றை நினைவூட்டுவார்கள்.

அத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒருவர் விடுபட்டது தெரியவந்தால், பதிவைத் திருத்தி அவர் பெயரைக் கடைசியில் ஒட்டவைக்காதீர்கள். எல்லாரும் பார்த்த பிறகு சேர்ந்த பெயர் அப்படித்தான் தெரியும். அன்றே அவர் இருக்கைக்குப் போங்கள். அவர் செய்த செயலைச் சொல்லி, அது பதிவில் இருந்திருக்கவேண்டும் என்று நேரில் சொல்லுங்கள். மாலைக்குள் அதையே தனிக் கடிதமாக எழுதி அவருக்கு அனுப்புங்கள். அவர் விரும்பினால் அதன் பிரதி புதிய மேலாளருக்கும் போகட்டும். அவருடைய வேலையை இனி மதிப்பிடப்போகிறவர் புதிய மேலாளர்தான்.